டப்பாவில் ஆங்கில எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரை மட்டும் நம்பலாமா?

கேள்வி: உறவினர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த காய்ச்சல் மாத்திரை டப்பாவில் எல்லாமே புரியாத மொழி. ஆங்கில எழுத்தில் ஓரிரு பெயர்கள் மட்டும் தெரிகின்றன. அதை வைத்து என்ன மருந்து என்று கண்டுபிடிக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். ஆனால் அந்தப் பெயர் டப்பாவுக்குள் இருப்பதை முழுதாகச் சொல்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல், கையில் டப்பா, கொடுக்கலாமா வேண்டாமா என்ற தவிப்பில் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது.

நான் மருத்துவர் இல்லை. "படிக்கத் தெரியாத மருந்தைத் தொடவே கூடாது" என்று சொல்ல இங்கே சிலர் வருவார்கள் என்று தெரியும். அவர்கள் சொல்வது சரிதான். ஆனால் வீட்டில் யாராவது "சும்மா காய்ச்சல் மாத்திரைதான், கொடு" என்று நீட்டும்போது வேண்டாம் என்று சொல்லக் காரணம் வேண்டுமே. டப்பாவைப் படிக்கக் கற்றுக்கொள்வது அதற்குத்தான்.

அப்பா என்னோடு தங்கியிருந்தபோது அவருக்குச் சளியும் காய்ச்சலும் வந்தது. சர்க்கரையால் சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனமானவர். என் மச்சான் சீனாவில் வேலை பார்த்துத் திரும்பியவர். அவர் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து, "மாமாவுக்கு இதைக் கொடுங்க, அங்கே எல்லோரும் இதைத்தான் போடுவாங்க" என்றார். அவருக்குச் சீன மொழி பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. உள்ளே இருந்த தாளை எப்போதோ தூக்கிப் போட்டுவிட்டார்.

போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆங்கில எழுத்தில் இரண்டு வரிகள் இருந்தன. ஒன்று Fufang Anfen Wan'an Jiaonang. இதைப் பார்த்ததும் மருந்தின் பெயர் கிடைத்துவிட்டது என்று பலர் நின்றுவிடுவார்கள். இது சீனப் பெயரின் உச்சரிப்பை ஆங்கில எழுத்தில் எழுதியது, அவ்வளவுதான். உலகப் பொதுவான மருந்துப் பெயர் இதில் இல்லை. வாய்விட்டுப் படித்தால் உங்களுக்குத் தெரிந்த எந்த மருந்தின் சாயலும் வராது, -ol, -ine, -cillin போன்ற முடிவுகளும் இருக்காது. அதை வைத்தே விலக்கிவிடலாம்.

இன்னொரு வரி, சிறிய எழுத்தில்: Compound Paracetamol and Amantadine Hydrochloride Capsules. நமக்கு வேண்டியது இதுதான். நிறுவனம் வைக்கும் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். ஒரே பெயரில் இரண்டு நாடுகளில் இரண்டு வேறு மருந்துகள் விற்பதும் உண்டு. ஆனால் மருந்துப் பொருளுக்கு உலக சுகாதார நிறுவனம் ஒரு பொதுப்பெயர் வைக்கிறது. முதல் பட்டியல் 1953ல் வந்தது. அதனால்தான் எந்த மொழி டப்பாவிலும் பாரசிட்டமால் ஏறக்குறைய பாரசிட்டமாலாகவே இருக்கிறது. போலந்து, செக் டப்பாக்களில் paracetamolum என்று வால் முளைத்திருக்கும், பயப்பட வேண்டாம். அமெரிக்கா, கனடா, ஜப்பான் போன்ற சில நாடுகளில் acetaminophen என்பார்கள், பொருள் ஒன்றே.

அந்த வரியை ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துப் பாருங்கள். Capsules என்பது வடிவம். Hydrochloride என்பது மருந்து எந்த உப்பாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்வது, அது தனி மருந்து இல்லை. Sodium, maleate போன்றவையும் பெயரின் பின்னால் ஒட்டி வந்தால் அப்படியே. மீதி இருப்பவை பாரசிட்டமால், அமன்டடின். முன்னால் இருக்கும் Compound என்ற சொல்லைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். இது கூட்டு மருந்து, பெயரில் சொல்லாதவையும் உள்ளே இருக்கலாம் என்பதற்கு அதுதான் அடையாளம்.

எத்தனை பொருள் என்று எப்படித் தெரிந்துகொள்வது? எண்களைப் பாருங்கள். சீன டப்பாவின் பக்கவாட்டில் தடித்த கறுப்பு அடைப்புக்குறிக்குள் சிறு தலைப்புகள் இருக்கும். அதில் ஒன்றின் கீழே வரிசையாக 0.25, 0.1, 10, 15, 2 என்று ஐந்து எண்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் சில எழுத்துகள், பின்னால் அளவின் குறி. பெயர்கள் இரண்டு, எண்கள் ஐந்து. அப்படியென்றால் எனக்குத் தெரியாத மூன்று பொருள்கள் உள்ளே இருக்கின்றன. முதல் இரண்டு எண்களுக்குப் பின்னால் ஒரே ஓர் எழுத்து, மற்ற மூன்றுக்கும் பின்னால் இரண்டு எழுத்து, அதிலும் கடைசி எழுத்து அதே எழுத்து. எனவே முதல் இரண்டும் கிராம், மற்றவை மில்லிகிராம் என்று ஊகித்தேன். 0.25 கிராம் என்றால் 250 மி.கி. பாரசிட்டமால், கணக்கு பொருந்தியது. 0.25 மி.கி. பாரசிட்டமால் யாருக்கும் பயன்படாது. தெரிந்த மருந்தின் வழக்கமான அளவை வைத்து அலகைச் சரிபார்க்கும் இந்த வழி எந்த மொழி டப்பாவுக்கும் உதவும்.

அப்புறம் Amantadine என்று தட்டித் தேடினேன். ஃப்ளூவுக்குக் கொடுத்துவந்த பழைய மருந்து, நடுக்குவாதத்துக்கும் கொடுக்கிறார்கள். உடலில் பெரும்பாலும் மாறாமல் அப்படியே சிறுநீர் வழியாக வெளியேறுகிறது. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அது உடலில் தேங்கும், மனக்குழப்பம் வரை கொண்டுபோகும், அளவைக் குறைத்தே ஆக வேண்டும் என்று இருந்தது. அப்பாவுக்கு இது வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவருடைய சிறுநீரக மருத்துவரிடம் போனில் கேட்டு, தனி பாரசிட்டமால் மட்டும் கொடுத்தோம். மச்சானுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். சாயங்காலம் அவருடைய பழைய சகா ஒருவர் படத்தைப் பார்த்து மீதி மூன்றையும் படித்துச் சொன்னார்: செயற்கைக் கோரோசனை, கஃபீன், குளோர்பெனிரமின். கடைசியாகச் சொன்னது தூக்கம் வரவைக்கும், வயதான ஆண்களுக்குச் சிறுநீர் கழிப்பதைச் சிரமமாக்கும் மருந்து. அதன் பெயர் ஆங்கில எழுத்தில் டப்பாவில் எங்குமே இல்லை.

"மாத்திரைக்கு 250 மி.கி. பாரசிட்டமால்தானே, என்ன ஆகிவிடும்" என்று கேட்பவர்களுக்கு: பாரசிட்டமால் குறைவுதான். நான் பயந்தது பக்கத்தில் இருந்த 100 மி.கி. அமன்டடினுக்கு.

இதோடு தொடர்பில்லாத ஒன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அப்பாவை ஒரு மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பியபோது கொடுத்த தாளில் இருந்தவை எல்லாம் நிறுவனப் பெயர்கள்தான், ஒன்றுக்குக்கூடப் பொதுப்பெயர் இல்லை. வேறு ஊர் மருத்துவர் அதைப் பார்த்து, "இது என்ன மாத்திரை?" என்று என்னிடமே கேட்டார். படித்தவர்கள், நமக்குப் புரிகிற எழுத்தில் எழுதிய தாளே இந்த லட்சணத்தில் இருந்தால் என்ன செய்வது? இப்போது அப்பாவின் மாத்திரைகளை எல்லாம் பொதுப்பெயரும் மி.கி. அளவுமாக நானே எழுதி அவர் பையில் வைத்திருக்கிறேன்.

உங்கள் டப்பாவை மருந்துக்கடைக்காரரிடமோ மருத்துவரிடமோ காட்டுவதானால் முன்பக்கத்தை மட்டும் படம் எடுத்து அனுப்பாதீர்கள். எண்கள் வரிசையாக இருக்கும் பக்கத்தையும், மாத்திரை அட்டையின் பின்புறத்தையும் எழுத்து தெளிவாகத் தெரியும்படி எடுத்து அனுப்புங்கள்.