அப்பா போட்ட வழக்கு, மகன் போடும் கையெழுத்து: வாக்குமூல டிராஃப்டை எப்படிப் படிப்பது?

கேள்வி: திருவட்டாறு பக்கம் எங்கள் வீட்டுக்குப் போகும் வழியைப் பக்கத்து விளைக்காரர் 2019 ஏப்ரலில் சுவர் வைத்து அடைத்துவிட்டார். அப்பா அந்த வருடமே கேஸ் போட்டார். போன வருடம் அப்பா தவறிவிட்டார். இப்போது அம்மாவும் நானும்தான் வாதிகள். என்னுடைய சாட்சி வாக்குமூலம் என்று வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா வாட்ஸ்அப்பில் ஒரு டிராஃப்ட் அனுப்பியிருக்கிறார். 2008 முதல் 2018 வரை நான் மஸ்கட்டில் வேலை பார்த்தேன். அதில் எழுதியிருப்பதில் பாதி எனக்கு நேரில் தெரியாது. அப்படியே கையெழுத்துப் போடலாமா?

பதில்: அப்படியே போடாதீர்கள். திருத்தி வாங்கிப் போடுங்கள். இதற்காக வக்கீலோடு மனவருத்தம் எதுவும் தேவையில்லை. இந்த டிராஃப்ட் எப்படி உருவானது என்று புரிந்தால் எங்கே திருத்த வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

2019இல் உங்கள் அப்பா தாக்கல் செய்த பிராதை எடுத்து டிராஃப்டின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் வரிக்கு வரி ஒன்றாக இருக்கும். பிராதைத் திறந்து, தலைப்பை மாற்றி, ‘வாதி’ என்று இருந்த இடங்களில் ‘நான்’ என்று போட்டுவிடுவது பல ஆபீஸ்களில் நடக்கிற வேலைதான். வழக்குப் போட்டவரே சாட்சி சொல்லும்போது இது ஓரளவு சமாளித்துக்கொள்ளும். உங்கள் விஷயத்தில் அந்த ‘நான்’ அப்பாவிலிருந்து உங்களுக்கு மாறியிருக்கிறது. அப்பாவுக்குத் தெரிந்தது எல்லாம் இப்போது உங்களுக்குத் தெரிந்ததாக எழுதப்பட்டிருக்கிறது.

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 19ஆம் கட்டளை, 3ஆம் விதி இதில் தெளிவாக இருக்கிறது. பிரமாண வாக்குமூலம் கொடுப்பவர் தம் சொந்த அறிவால் நிரூபிக்கக்கூடிய சங்கதிகளை மட்டும்தான் அதில் சொல்ல வேண்டும். இடைக்கால மனுவுக்கான வாக்குமூலத்தில் மட்டும் ஒரு தளர்வு உண்டு. அங்கே ‘இப்படி நம்புகிறேன்’ என்று எழுதலாம், ஆனால் நம்புவதற்கான காரணத்தையும் சொல்லியாக வேண்டும். உங்களுடையது விசாரணைக்கான வாக்குமூலம். 2002 திருத்தத்துக்குப் பிறகு, கூண்டில் ஏறி வாய்மொழியாகச் சொல்லிவந்த முதல் விசாரணைக்குப் பதிலாக இந்தக் காகிதம் வந்திருக்கிறது. அதனால் தெரியாத சங்கதியின் பின்னால் ‘என்று நம்புகிறேன்’ என்று ஒட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

சரி, நீங்கள் கடிதத்தோடு அனுப்பியிருந்த 6ஆம் பத்தியையே எடுத்துக்கொள்வோம்:

“பிரதிவாதி எங்கள் குடும்பத்தின் மீதுள்ள முன்விரோதம் காரணமாக, எங்களைத் துன்புறுத்தும் தீய எண்ணத்துடன், 12.04.2019 அன்று இரவோடு இரவாகச் சட்டவிரோதமாகச் சுவர் எழுப்பி எங்கள் வழிநடை உரிமையைத் தடுத்துவிட்டார்.”

பென்சிலை எடுத்து ஒவ்வொரு சொல்லிலும் நின்று, ‘அப்போது நான் எங்கே இருந்தேன், என்ன பார்த்தேன்?’ என்று கேளுங்கள். முன்விரோதமும் தீய எண்ணமும் பிரதிவாதியின் மனசுக்குள் இருப்பவை. உங்களால் பார்க்க முடியாது. ‘சட்டவிரோதமாக’ என்பது நீதிபதி கடைசியில் சொல்ல வேண்டிய முடிவு. ‘வழிநடை உரிமை’ என்பதும் அதேதான், வழக்கே அந்த உரிமை இருக்கிறதா என்பதைப் பற்றியது. மிச்சம் இருப்பது தேதியும் சுவரும். ‘இரவோடு இரவாக’ என்பதை நீங்கள் பார்த்தீர்களா? உங்கள் கடிதத்தின்படி, முந்தின நாள் மாலை அந்த வழியாக வந்தீர்கள், மறுநாள் காலை சுவரைப் பார்த்தீர்கள். நடுவில் நடந்தது உங்கள் ஊகம். நியாயமான ஊகம்தான், ஆனாலும் அதை நீதிபதி செய்துகொள்ளட்டும்.

அந்தப் பத்தி இப்படி இருந்தால் போதும்:

“12.04.2019 மாலை சுமார் 6 மணிக்கு நான் அந்த வழியாக நடந்து வீட்டுக்கு வந்தேன். அப்போது அங்கே சுவர் இல்லை. 13.04.2019 காலை சுமார் 7 மணிக்கு வெளியே போகும்போது, வழியின் குறுக்கே சுமார் 4 அடி உயரத்தில் ஹாலோபிளாக் சுவர் இருந்தது. சிமெண்டுப் பூச்சு ஈரமாக இருந்தது. சுவர் கட்டப்படுவதை நான் பார்க்கவில்லை. அன்று காலை பிரதிவாதி சுவரின் பக்கத்தில் நின்று, ‘இது என் இடம், இனி இந்த வழியே வரக் கூடாது’ என்று என்னிடம் சொன்னார்.”

இதில் பெரிய வார்த்தை ஒன்றுகூட இல்லை, ஆனால் முதல் பத்தியைவிட இதை அசைப்பது கடினம். ‘நான் பார்க்கவில்லை’ என்ற வரியை எடுத்துவிடச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கப்போகும் முதல் கேள்வியே அதுதான். நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிட்டால் அந்தக் கேள்வியில் பலம் இருக்காது.

கடைசி வரியையும் கவனியுங்கள். காதில் விழுந்தது எல்லாமே பிறர் சொல்லக் கேட்ட, செல்லாத கேள்விச் சான்று என்று நினைத்து அதையும் அடித்துவிடுகிறவர்கள் உண்டு. பிரதிவாதி உங்களிடம் நேரில் சொன்னது நீங்கள் நேரில் அறிந்த சங்கதி. எதிர்த்தரப்பின் சொந்தப் பேச்சு என்பதால் அதற்கு மதிப்பும் உண்டு. ‘சுவர் கட்டியவர் பிரதிவாதியின் ஆள்தான் என்று ரப்பர் பால் வெட்டுகிற அண்ணன் சொன்னார்’ என்பது வேறு கதை. அதை அந்த அண்ணன்தான் வந்து சொல்ல வேண்டும்.

அடுத்து, உங்கள் வழக்கில் மிகப் பெரிய ஓட்டை. 8ஆம் பத்தியில், “நானும் என் முன்னோரும் 50 ஆண்டுகளுக்கும் மேலாக அமைதியாகவும் வெளிப்படையாகவும் இடையூறின்றியும் உரிமையோடும் அனுபவித்து வருகிறோம்” என்று இருக்கிறது. இவை 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் 15ஆம் பிரிவின் வார்த்தைகள். தனியார் நிலத்தில் நீண்டகாலப் பயன்பாட்டால் வழியுரிமை வர, 20 ஆண்டு தொடர்ந்த பயன்பாடு வேண்டும். அந்த 20 ஆண்டு, வழக்குப் போடுவதற்கு முந்தின 2 ஆண்டுகளுக்குள் வந்து முடிய வேண்டும். அதாவது, 2019இலிருந்து பின்னோக்கி ஏறத்தாழ 1999 வரை. நீங்கள் மஸ்கட்டில் இருந்த பத்து வருடமும் சரியாக இதன் நடுவில் விழுகிறது. ‘தொடர்ந்து அனுபவித்து வருகிறேன்’ என்று சொல்லிவிட்டு கூண்டில் நின்றால், எதிர்த்தரப்பு வக்கீலுக்கு உங்கள் பாஸ்போர்ட் ஒன்றே போதும். அதற்குப் பிறகு நீங்கள் சொன்ன உண்மைகளும் சந்தேகத்துக்குள் போய்விடும்.

எனவே உங்கள் காலத்தைப் பிரித்துச் சொல்லுங்கள். பள்ளிக்கூடம் போன வருடங்களில் தினமும் அந்த வழியே நடந்தது, 2008இல் வெளிநாடு போனது, லீவில் வந்த மாதங்களில் அதே வழியைப் பயன்படுத்தியது, 2018இல் திரும்பியபின் சுவர் வரும்வரை நடந்தது என்று. ‘உரிமையோடு’ என்ற சொல்லுக்குப் பின்னால் இருக்கும் சங்கதியையும் எழுதுங்கள். போவதற்கு யாரிடமாவது அனுமதி கேட்டீர்களா, பணம் கொடுத்தீர்களா, அங்கே கேட் போட்டுப் பூட்டியது உண்டா? அனுமதி கேட்டு நடந்த வழியில் இந்த உரிமை வராது என்பதால் நீதிமன்றத்துக்கு இந்த விவரம்தான் வேண்டும். உங்கள் முன்னால் யாரும் அனுமதி கேட்டதில்லை என்றால் அவ்வளவு மட்டும் சொல்லுங்கள். உங்கள் தாத்தா காலத்தில் கேட்டாரா என்பதற்கு நீங்கள் சாட்சி இல்லை.

விடுபட்ட பத்து வருடத்துக்கு உங்கள் அம்மா இருக்கிறார். அவர் வீட்டிலேயே இருந்தவர், வாதியும்கூட. வக்கீலிடம் நீங்கள் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி, ‘அம்மாவும் சாட்சி வாக்குமூலம் கொடுக்கிறாரா?’ என்பது. பால் வெட்டும் அண்ணனும் அந்த வழியாகவே வேலைக்கு வந்தவர் என்றால் அவரையும் சொல்லுங்கள். அம்மாவால் கோர்ட்டுக்கு நடந்து வர முடியாது என்றால், நீதிமன்றம் ஓர் ஆணையரை நியமித்து வீட்டிலேயே சாட்சியம் பதிவு செய்ய மனுப் போட முடியும்.

பத்திரத்துக்கு வருவோம். தாத்தா பெயரில் இருக்கும் 1950களின் கிரயப் பத்திரம் மலையாளத்தில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். 1956 நவம்பர் 1இல் தமிழகத்தோடு இணையும்வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்த நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இது வீட்டுக்கு வீடு இருக்கிற சிக்கல். டிராஃப்டில் “மேற்படி பத்திரத்தில் வழி தெளிவாகச் சொல்லப்பட்டுள்ளதை நான் படித்து அறிவேன்” என்று இருக்கிறது. மலையாளம் வாசிக்கத் தெரியாத நீங்கள் இதில் கையெழுத்துப் போடவே கூடாது. கூண்டில் பத்திரத்தைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னால் என்ன செய்வீர்கள்? பத்திரம் என்ன சொல்கிறது என்பதைப் பத்திரமும் அதன் தமிழ் மொழிபெயர்ப்பும் சொல்லிக்கொள்ளும். நீங்கள் சொல்ல வேண்டியது, அந்த மூலப் பத்திரம் எங்கே இருந்தது, யார் வைத்திருந்தார், யாரிடமிருந்து உங்கள் கைக்கு வந்தது என்பது. 30 வருடத்துக்கு மேற்பட்ட ஆவணம் இருக்க வேண்டிய இடத்திலிருந்து வந்தால் அதன் கையெழுத்தும் எழுத்தும் உண்மையென்று நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்பதால் அந்த விவரத்துக்குப் பயன் உண்டு.

கருத்து என்றாலே வெட்ட வேண்டும் என்றும் இல்லை. ‘பிராதில் இருப்பது அப்பாவின் கையெழுத்து’ என்று நீங்கள் தாராளமாகச் சொல்லலாம். அவர் கையெழுத்துப் போடுவதைப் பார்த்துப் பழகியவரின் கருத்தைச் சாட்சியச் சட்டமே ஏற்கிறது. அளவுகளில் மட்டும் கவனம் வேண்டும். ‘6 அடி அகலம்’ என்றால், டேப் வைத்து அளந்தீர்களா? இல்லையென்றால் ‘ஆட்டோ வந்து போகும் அளவு, ஆட்டோ வந்ததைப் பார்த்திருக்கிறேன்’ என்பது உங்கள் சங்கதி. சர்வே எண்ணைப் ‘பட்டாவில் கண்டபடி’ என்று எழுதச் சொல்லுங்கள்.

கடைசிப் பக்கத்தில், “மேற்கண்ட சங்கதிகள் யாவும் என் அறிவுக்கும் நம்பிக்கைக்கும் எட்டியவரை உண்மை” என்று ஒரே மூச்சில் முடித்திருப்பார்கள். எது அறிவு, எது நம்பிக்கை என்று அதிலிருந்து தெரியாது. பம்பாய் மாநிலம் எதிர் புருஷோத்தம் ஜோக் நாயக் வழக்கில் 1952இலேயே உச்ச நீதிமன்றம் இப்படிப்பட்ட அசட்டையான சரிபார்ப்பால் வாக்குமூலமே நிராகரிக்கப்படலாம் என்று எச்சரித்தது. எந்தெந்தப் பத்தி நேரில் அறிந்தது, எது ஆவணத்திலிருந்து தெரிந்தது என்று பத்தி எண் போட்டுப் பிரிக்கச் சொல்லுங்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 227ஆம் பிரிவின்படி, தெரியாத ஒன்றைத் தெரியும் என்று பிரமாணத்தில் சொல்வதே பொய்ச் சாட்சியம் ஆகலாம். சொன்ன சங்கதி பிறகு உண்மையென்று தெரிந்தாலும், ‘எனக்குத் தெரியும்’ என்ற பகுதி பொய்தானே. தெரிந்தே சொன்னதாக நிரூபணமானால், நீதிமன்ற நடவடிக்கையில் அதற்கு 7 ஆண்டு வரை சிறைத்தண்டனை இருக்கிறது. கையெழுத்து உங்களுடையது, குமாஸ்தாவுடையது இல்லை.

வக்கீலைப் பார்க்கும்போது பென்சில் குறிகளோடு டிராஃப்டை எடுத்துப் போங்கள். ‘இது தப்பு’ என்பதைவிட, ‘இது அப்பாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது, அம்மா சொல்லலாம்’ என்று இடம் இடமாகக் காட்டுவது அவருக்கும் உதவும். பிராதில் உள்ள வழக்கை நீங்கள் மாற்றவில்லை, யார் எதைச் சொல்வது என்பதை மட்டும் மாற்றுகிறீர்கள் என்பது அவருக்குப் புரியும். பிராதில் இருப்பதே தவறு என்று தெரிந்தால் அதைத் தனியாகச் சொல்லுங்கள், அதற்குத் திருத்த மனு வேண்டியிருக்கும். திருத்திய பிரதி வந்ததும் முழுதும் படித்து, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டு, கையால் அடித்துத் திருத்திய இடங்களில் சுருக்கொப்பம் வைத்து, ஒரு நகலை வீட்டுக்கு எடுத்து வாருங்கள். குறுக்கு விசாரணைக்கு முந்தின நாள் படிக்க அது வேண்டும்.