கெட்டில் கணக்கை எங்கிருந்து தொடங்குவது?

“அக்கா, லண்டன் வந்து ஏழு மாதம் ஆகிறது. அடுத்த வாரம் ஒரு கன்சல்டிங் நிறுவனத்தில் கேஸ் நேர்காணல். ‘பிரிட்டனில் ஓராண்டில் எத்தனை மின்கெட்டில்கள் விற்கின்றன?’ என்பது போலக் கேட்டால் பதிலை எப்படிக் கட்டுவது? இந்த ஊர்ப் புள்ளிவிவரம் எதுவும் எனக்குத் தெரியாது.”

தம்பி, நான் வந்த ஆண்டில் கிட்டத்தட்ட இதே கேள்வியில்தான் தவறினேன். குடும்பங்களின் எண்ணிக்கையைச் சரியாகப் பிடித்தேன், எல்லா வீட்டிலும் கெட்டில் இருக்கிறது என்றேன், “ஓராண்டில் 27 மில்லியன்” என்று சொல்லி நிறுத்தினேன். எதிரே இருந்தவர், “நீங்கள் ஆண்டுதோறும் கெட்டில் வாங்குவீர்களா?” என்று மட்டும் கேட்டார். வீடுகளில் இருக்கும் கெட்டில்களை எண்ணிவிட்டு அதையே விற்பனை என்று சொல்லியிருந்தேன். இருப்பு வேறு, ஆண்டு விற்பனை வேறு. நீடித்து உழைக்கும் எந்தப் பொருளைக் கேட்டாலும், கெட்டிலோ மெத்தையோ டயரோ, பதிலின் முதுகெலும்பு இந்த வேறுபாடுதான். இருப்பைப் பொருளின் ஆயுளால் வகுத்தால்தான் ஓராண்டு விற்பனை வரும்.

கேள்வி வந்தவுடன் எண்ணுக்குப் போகாதீர்கள். முதலில் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: எண்ணிக்கை வேண்டுமா, பவுண்டில் மதிப்பு வேண்டுமா? வீடுகள் மட்டுமா, அலுவலகமும் ஹோட்டலும் சேருமா? “நீங்களே முடிவு செய்யுங்கள்” என்றால், எல்லாம் சேர்த்து எண்ணிக்கை என்று சொல்லிவிட்டு நகருங்கள். பிறகு ஒரு நிமிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தருவார்கள், யாரும் குறையாக நினைப்பதில்லை.

அந்த நிமிடத்தில் தாளைப் படுக்கைவாட்டில் வைத்து ஒரு மரம் வரையுங்கள். மேலே ‘ஆண்டு விற்பனை’. அதன் கீழே மூன்று கிளைகள்: பழுதாகி மாற்றும் வீடுகள், புதிதாகத் தொடங்கும் வீடுகள், வீடல்லாத இடங்கள். முதல் கிளையின் கீழே மட்டும் குடும்பங்கள், கெட்டில் வைத்திருக்கும் விகிதம், ஆயுள் என்று மூன்று பெட்டிகள். எண் ஒன்றுகூட எழுதாமல் தாளை அவர் பக்கம் திருப்பி, “முதல் கிளையில்தான் பெரும்பகுதி இருக்கும், அதை விரிவாகப் பார்க்கிறேன், மற்ற இரண்டையும் தோராயமாகப் போடுகிறேன்” என்று சொல்லுங்கள். ஏதாவது கிளை விடுபட்டிருந்தால் அவர் இப்போதே சொல்லிவிடுவார். கணக்கு முடிந்த பிறகு மரத்தைத் திருத்துவது மிகக் கடினம்.

இனி எண்கள். இந்த நாட்டுக்கு நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியவை மிகக் குறைவு: மக்கள்தொகை ஏறத்தாழ 68 மில்லியன், ஒரு வீட்டுக்குச் சராசரி 2.4 பேர், ஆகவே 28 மில்லியன் குடும்பங்கள். ஆளை வைத்துத் தொடங்காமல் குடும்பத்தை வைத்துத் தொடங்குவது ஏன் என்பதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்: கெட்டில் வீட்டுக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்றல்ல. பல் துலக்கும் பிரஷ் என்றால் ஆளிலிருந்து தொடங்கியிருப்பீர்கள்.

மற்றதெல்லாம் நீங்கள் இந்த ஏழு மாதத்தில் கண்ணால் பார்த்தவைதான். போன வீடுகளில் எத்தனையில் கெட்டில் இல்லை? எனக்கு ஒன்றுகூட நினைவில்லை. 95 விழுக்காடு என்று வைத்தால் ஏறத்தாழ 27 மில்லியன் கெட்டில்கள். ஆயுளுக்கு உங்கள் சமையலறையையே பாருங்கள். லண்டன் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். சில வாரங்களில் கெட்டிலின் அடியில் வெள்ளைப் படலம் படியும், தேநீரின் மேல் மெல்லிய ஆடை மிதக்கும். ஸ்காட்லாந்தில் தண்ணீர் மென்மையானது, கெட்டில் சுத்தமாகவே இருக்கும். அதனால் பாதி வீடுகளுக்கு 4 ஆண்டு, பாதிக்கு 6 ஆண்டு என்று பிரிக்கத் தோன்றும். பிரித்துப் பார்த்தால் 5.6 மில்லியன் வரும். பிரிக்காமல் 5 ஆண்டு என்று வைத்தால் 5.4. விடை அதிகம் மாறவில்லை. ஆகவே தண்ணீர்க் காரணத்தை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு, 5 ஆண்டு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். விடையை மாற்றாத பிரிவுக்கு நேரம் செலவிடுவது இந்த நேர்காணலில் வீண்.

புதிய வீடுகள் ஆண்டுக்கு 0.2 மில்லியன் என்று ஊகிக்கலாம். இந்த நாட்டில் ஹோட்டல் அறை என்றால் கெட்டில் இருக்கும், அலுவலகச் சமையல் மூலையிலும் இருக்கும். இரண்டுக்கும் சேர்த்து 0.5 மில்லியன். மொத்தம் 6 மில்லியனுக்குச் சற்று மேல், “ஏறத்தாழ 6 மில்லியன்” என்று முழுதாக்கிச் சொல்லுங்கள். மதிப்பையும் கேட்டால், ஒன்று சராசரி 25 பவுண்டு என்ற ஊகத்தில் 150 மில்லியன் பவுண்டு.

நம்மவர்கள் கணக்கில் சறுக்கும் இடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாம் இலட்சம், கோடியில் எண்ணிப் பழகியவர்கள். பதற்றத்தில் 28 மில்லியனை 2.8 கோடியாக மாற்றி, வகுத்து, திரும்ப மில்லியனாக்கும்போது ஒரு சுழியம் நழுவிவிடும். தாளின் மூலையில் ‘1 கோடி = 10 மில்லியன்’ என்று எழுதிவைத்துக்கொண்டு, எல்லா எண்களையும் மில்லியனிலேயே எழுதுங்கள். 27-ஐ 5-ஆல் வகுக்கச் சுழியங்களே தேவையில்லை. மௌனமாகக் கணக்கிடாமல், ஒவ்வொரு வரியையும் எழுதும்போதே சொல்லிக்கொண்டு போங்கள். தவறினால் அவரே கைகொடுப்பார்.

எண் வந்ததும் நிறுத்தாமல் கடைப் பக்கத்திலிருந்து ஒருமுறை சோதியுங்கள். ஆண்டுக்கு 6 மில்லியன் என்றால் நாளுக்கு ஏறத்தாழ 16,000. பாதி இணையத்தில் விற்கிறது என்று வைத்தால், மீதி 8,000 கெட்டில்கள் கடைகளில் போக வேண்டும். கெட்டில் விற்கும் பெரிய கடைகள் நாடு முழுவதும் 4,000 என்று ஊகித்தால் கடைக்கு நாளுக்கு இரண்டு. சூப்பர்மார்க்கெட்டில் அந்த அலமாரியைப் பார்த்தவருக்கு இது நம்பத் தகுந்ததே. இருபது என்று வந்திருந்தால் எங்கோ பிழை. நான் சொன்ன 27 மில்லியனை இந்தச் சோதனையில் போட்டிருந்தால் கடைக்கு நாளுக்கு ஒன்பதுக்கு மேல் வந்திருக்கும், அன்றே விழித்திருப்பேன்.

கடைசியாக அவர் அநேகமாக, “உங்கள் விடையில் எதை நம்பமாட்டீர்கள்?” என்று கேட்பார். எல்லாம் தோராயம்தான் என்று சொல்லித் தப்பிக்காதீர்கள். வைத்திருக்கும் விகிதத்தை 95-இலிருந்து 90 ஆக்கினால் வீட்டு விற்பனை 0.3 மில்லியன்தான் குறைகிறது. ஆயுளை 5-இலிருந்து 4 ஆக்கினால் 6.75 மில்லியனாக ஏறுகிறது, 6 ஆக்கினால் 4.5-க்கு இறங்குகிறது. “ஆயுள்தான் பலவீனமான ஊகம். ஒரு நாள் அவகாசம் தந்தால், கடைசிக் கெட்டிலை எப்போது வாங்கினீர்கள் என்று நூறு வீடுகளில் கேட்டு அதை முதலில் சரிபார்ப்பேன்” என்று சொல்லுங்கள்.