தொடாமலே சார்ஜ் தீரும் கன்ட்ரோலர்: கேள்வி-பதில்

விளையாடி முடித்ததும் அதே பிஎஸ்4-இல் படம் பார்ப்போம். சோபாவில் சும்மா கிடக்கும் கன்ட்ரோலரில் படம் முடிவதற்குள் சார்ஜ் போய்விடுகிறது. வைப்ரேஷனை நிறுத்தியாயிற்று, லைட்டையும் மங்கலாக்கியாயிற்று. பேட்டரி மாற்றவா?

இப்போதைக்கு வாங்காதீர்கள். வைப்ரேஷன் மோட்டார் சுழலும்போதுதான் கரண்ட் இழுக்கும். சும்மா கிடக்கும்போது அதற்கு வேலையே இல்லை. லைட்டை மங்கலாக்கினால் கொஞ்சம் மிச்சமாகும், அவ்வளவுதான். ஆனால் அந்த லைட் வேறு வகையில் உதவும். அது எரிகிறது என்றால் கன்ட்ரோலர் இன்னும் விழித்திருக்கிறது.

Settings > Power Save Settings > Set Time Until Controllers Turn Off போய், 10 நிமிடம் என்று வையுங்கள். படத்தை ஓடவிட்டு, கன்ட்ரோலரைத் தொடாமல் மேஜையில் வையுங்கள். பத்து நிமிடத்தில் லைட் அணைந்தால் பிரச்சினை அதோடு தீர்ந்தது. அணையவில்லையென்றால் ஏதோ ஒரு பட்டன் அழுந்தியே இருக்கிறது, அல்லது ஸ்டிக் நடுவில் நிற்காமல் ஆடுகிறது. யாரோ விளையாடுவதாகவே பிஎஸ்4 நினைத்துக்கொள்ளும்.

எது என்று கண்டுபிடிக்க, விண்டோஸ் கணினியில் கேபிள் வழியாகச் செருகுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள் உதவாது. Win+R அழுத்தி `joy.cpl` என்று அடித்து, Properties திறங்கள். கையை எடுத்துவிட்டுப் பாருங்கள். ஏதாவது ஒரு எண் சிவப்பாகவே எரிந்தால் அந்தப் பட்டன்தான். கட்டத்துக்குள் இருக்கும் சிலுவைக்குறி நடுங்கினால் ஸ்டிக். பட்டன் என்றால், கன்ட்ரோலரை அணைத்துவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் விளிம்பைச் சுற்றித் துடைத்து, பலமுறை அழுத்தி விடுங்கள். காய்ந்த பிறகும் எண் எரிந்தால் பழுது உள்ளே இருக்கிறது, கடைக்குக் கொண்டுபோங்கள்.

லைட் அணைந்த பிறகும் சார்ஜ் இறங்கினால்தான் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டும்.

கணினியில் ப்ளூடூத்தில் ஆடிவிட்டு அப்படியே வைத்துவிடுவேன், கணினி ஓடிக்கொண்டிருக்கும். சார்ஜ் நிற்பதில்லை. கம்பெனியிடம் கேட்கலாமா?

கேட்க ஒன்றுமில்லை. எழுந்துபோகும்போது பிஎஸ் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து அணையுங்கள்.

ஆன்லைனில் '2000 எம்ஏஎச்' என்று போட்ட பேட்டரி வாங்கினேன். பழைய பேட்டரியைவிட மோசம். விற்றவர் பதிலே சொல்வதில்லை.

உங்கள் மேல் தப்பில்லை. எனக்கும் இப்படி ஒன்று வந்து சேர்ந்தது. இரண்டு மாதத்தில் உப்பிவிட்டது. அந்த எண்ணைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். பிஎஸ்4 கன்ட்ரோலரின் அசல் பேட்டரி 1000 எம்ஏஎச். அதே குழிக்குள் அதே பருமனில் இருப்பது இரட்டிப்பு மின்சாரம் எப்படித் தரும்? லேபிளில் எதை வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்ற துணிச்சல்தான். உங்களுடையதும் உப்பியிருந்தால் உடனே கழற்றுங்கள், மறுபடி சார்ஜ் போடாதீர்கள். பில், விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், பேட்டரி லேபிளின் படம் மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு, முதலில் விற்ற தளத்திலேயே எழுத்தில் புகார் கொடுங்கள். அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்து, அந்தப் புகார் எண்ணோடு பதிவு செய்யுங்கள்.