அந்த வாட்ஸப் உரையாடலை நோட்டீஸோடு இணைக்காதீர்கள்

கேள்வி: ஒரு ஹெட்போனைப் பற்றி வீடியோ வெளியிட்டேன். பொருளை இலவசமாகக் கொடுத்த நிறுவனம், பணமும் தருவதாகச் சொன்னது. “விளம்பரம் என்று சொல்லிவிடாதீர்கள்” என்று வாட்ஸப்பில் கேட்டார்கள். நானும் சரி என்றேன். வீடியோவின் கீழே விவரக் குறிப்பின் கடைசியில், “சில இணைப்புகள் மூலம் கமிஷன் கிடைக்கலாம்” என்று மட்டும் எழுதியிருந்தேன். பார்வையாளர் ஒருவர் புகார் செய்துவிட்டார். இப்போது மீதிப் பணத்தைத் தர மறுக்கிறார்கள். எத்தனையோ பேர் இப்படித்தானே செய்கிறார்கள்? நோட்டீஸ் அனுப்பலாமா?

பதில்: மற்றவர்கள் செய்வது உங்களுக்கு வாதமாகாது. நிறுவனம் ஏமாற்றியதும் இப்போதைக்கு இரண்டாம்பட்சம். உங்களுக்கும் அவர்களுக்கும் இருந்த பொருளாதாரத் தொடர்பு, வாங்கலாமா என்று முடிவெடுக்கும் முன்பே பார்வையாளருக்குத் தெரிந்ததா? இங்கே சட்டம் முதலில் பார்ப்பது இதைத்தான். பணம், கமிஷன் மட்டுமல்ல, இலவசப் பொருளும் தொடர்புதான்.

நீங்கள் எழுதிய வரி உங்களைக் காப்பாற்றாது. கமிஷன் உறுதியாக வரும்போது ‘கிடைக்கலாம்’ என்பது மழுப்பல். பணம் வாங்கியதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. விவரக் குறிப்பை எத்தனை பேர் விரித்துப் படிக்கிறார்கள்? அமெரிக்க வர்த்தக ஆணையமானாலும், 2023-இல் இந்திய அரசு வெளியிட்ட வழிகாட்டியானாலும், அறிவிப்பு கண்ணில் படாமல் போகாத இடத்தில் இருக்க வேண்டும் என்கின்றன. வீடியோ என்றால் வீடியோவுக்குள்ளேயே, பேசும் மொழியிலேயே. “இந்த ஹெட்போனை இலவசமாகத் தந்தார்கள், இதைப் பற்றிப் பேசப் பணமும் தருகிறார்கள், கீழுள்ள இணைப்பில் வாங்கினால் எனக்குக் கமிஷன் வரும்” என்று தொடக்கத்திலேயே வாய்விட்டுச் சொல்லியிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது.

இனி நோட்டீஸுக்கு வருகிறேன். பாக்கியை வசூலிக்கும் கோபத்தில் கட்சிக்காரர்கள் முதலில் நீட்டுவது வாட்ஸப் உரையாடலைத்தான். ஒப்பந்தம் இருந்ததற்கு அது சாட்சி. தெரிந்தே மறைக்கச் சம்மதித்ததற்கும் அதுவே சாட்சி. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதை வாங்கி வைத்துக்கொண்டு, “சட்டத்துக்குப் புறம்பான நோக்கமுள்ள ஒப்பந்தம், பணம் கேட்க முடியாது” என்பார். அந்த வாதம் நிற்குமா என்பது பிறகு. அதற்குள் உங்கள் ‘சரி’ நீதிமன்றப் பதிவேட்டில் ஏறிவிடும். இந்தியாவின் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்தில் பரிந்துரைத்தவருக்கு அபராதத்தோடு, எந்தப் பொருளையும் பரிந்துரைக்க ஓராண்டு வரை தடையும் வரலாம். மீதிப் பணம் அதற்கு ஈடாகுமா?

வீடியோவை அழிக்காதீர்கள்; புகார் வந்த பின் அழித்தால் தடயத்தை மறைத்ததாகவே படும். மூலப் பிரதியையும் விவரக் குறிப்பையும் அப்படியே பத்திரப்படுத்திவிட்டு, பொதுப் பார்வையிலிருந்து எடுத்துவிடுங்கள். அறிவிப்பைச் சேர்த்து மறுபடி வெளியிடலாம். ஆனால் பழைய தேதியில் சொன்னதுபோல் காட்டாதீர்கள்.

பணத்துக்குச் சமரசம்தான் வழி. அவர்களுக்கும் அந்த உரையாடல் வெளியே வருவதில் விருப்பம் இருக்காது. பாதியாவது கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். கையெழுத்திடுமுன், விளம்பரம் தொடர்பான அபராதம், இழப்பு எல்லாவற்றையும் நீங்களே ஏற்பதாக ஒரு பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நீக்கச் சொல்லுங்கள். மறுத்தால் அந்தப் பாதியையும் விட்டுவிடுங்கள்.