வாக்கியத்துக்கு ஒரு 'ஹேட்'

அன்புள்ள ஐயா,

அடுத்த மாதம் பர்மிங்காமில் என் கல்லூரி நண்பனுக்குக் கல்யாணம். பெண் அந்த ஊர்க்காரி. பெஸ்ட் மேனாக விருந்தில் நான் ஆங்கிலத்தில் பேச வேண்டும். எழுதியதை இணைத்திருக்கிறேன். இலக்கணம் சரியா? ஷேக்ஸ்பியர் வரி ஒன்று சேர்க்கலாமா? உச்சரிப்பைக் கேட்டுச் சிரிப்பார்களோ?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

ஷேக்ஸ்பியர் வேண்டாம். உச்சரிப்பை விடு, பர்மிங்காம்காரர்கள் பேசுவதையே மற்ற ஊர் ஆங்கிலேயர்கள் கிண்டலடிப்பார்கள்.

'ஐ ஆம் நோயிங் ஹிம் சின்ஸ் ட்வெல்வ் இயர்ஸ்' என்பதை 'ஐவ் நோன் ஹிம் ஃபார் ட்வெல்வ் இயர்ஸ்' என்று மாற்றிக்கொள், அது அவ்வளவுதான். என் வயிற்றெரிச்சல் 'ஹேட்' பற்றியது. உன் அப்பாவை மதுரையில் ஆஸ்பத்திரியில் சேர்த்த ராத்திரி நண்பன் உன்னோடு வந்ததைச் சொல்கிறாயே, அதில் 'மை ஃபாதர் ஹேட் ஃபாலன் சிக், ஹி ஹேட் கம் வித் மீ, ஹி ஹேட் நாட் ஸ்லெப்ட்' என்று வாக்கியத்துக்கு ஒன்று. நாம் 'போயிருந்தோம், அவனும் வந்திருந்தான்' என்றே கதை சொல்லிப் பழகியவர்கள், அந்த 'இருந்தான்' ஆங்கிலத்தில் 'ஹேட்' ஆகி உட்கார்ந்துவிடுகிறது. அவர்கள் காதுக்கு அது முன்கதை. அசல் சம்பவம் இனிமேல்தான் வரும் என்று காத்திருப்பார்கள். என் தங்கை மகள் கல்யாணம் லெஸ்டரில் நடந்தபோது ஒரு பையன் இப்படியே பேசி முடித்து உட்கார்ந்துவிட்டான், எதிர் மேசைக் கிழவர் கிளாஸை மார்புயரத்தில் பிடித்தபடி மேலே தூக்குவதா கீழே வைப்பதா என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தார். பாவமாக இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

இப்படிச் சொல்லிப் பார்: 'ஒன் நைட் மை டாட் வாஸ் ரஷ்டு டு ஹாஸ்பிடல் இன் மதுரை. ஐ காட் ஆன் த நைட் பஸ். அண்ட் தேர் ஹி வாஸ், பிஹைண்ட் மீ. டிடின்ட் ஆஸ்க் எனிதிங். ஜஸ்ட் செட், மூவ் ஓவர். பை த டைம் வீ காட் தேர், ஹீட் ஆல்ரெடி ஃபோன்ட் மை அங்கிள்.' கடைசி வரியின் 'ஹீட்'டில் 'ஹேட்' ஒளிந்திருக்கிறது, போய்ச் சேர்வதற்கு முன்பே போன் பண்ணிவிட்டான் என்பதால் அங்கே அது வேண்டும். 'டிடின்ட்', 'ஜஸ்ட் செட்' இரண்டுக்கும் முன்னால் 'ஹி' இல்லாதது தப்பில்லை, பேச்சில் அப்படித்தான் விழுங்குவார்கள். பரீட்சைத் தாளில் எழுதிவிடாதே.

அப்புறம், 'ஹெல்ப்ஃபுல், கைண்ட் ஹார்ட்டட், டவுன் டு எர்த்' மூன்றையும் அடி. கேட்காமலே பஸ் ஏறி வந்தவனுக்கு நற்சான்றிதழ் எதற்கு? நல்ல நண்பனப்பா அவன், உன் கடிதத்தைப் படித்தபோது எனக்கும் ஒருவன் ஞாபகம் வந்தான்.

ஆனால் ஒன்று. இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய், அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வரி உண்டா? அவள் வந்தபிறகு உன் நண்பனிடம் எது மாறியது என்று யோசி. அதை அவள் பக்கம் திரும்பி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, 'யூ' என்று அவளிடமே சொல். உடனே எல்லோரையும் எழச் சொல்லி, கிளாஸை உயர்த்தி, 'டு' போட்டு இருவர் பெயரையும் மட்டும் சொல்லி நிறுத்து. அவர்கள் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், உன் பழைய கடைசி வரியை மூச்சு விடாமல் எவன் திருப்பிச் சொல்வான்?