சுவரில் எழுதிய வசனம்

கேள்வி: எங்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்தின் கிணற்றடிச் சுவரில் "சுத்தம் தெய்வபக்திக்கு அடுத்தது – வேதாகமம்" என்று எழுதியிருக்கிறார்கள். எந்தப் புத்தகம், எந்த அதிகாரம் என்று கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. உண்மையில் எங்கே இருக்கிறது? (வாசகர், சுன்னாகம்)

பதில்: எங்கேயும் இல்லை. ஆதியாகமத்தில் தொடங்கி வெளிப்படுத்தின விசேஷம் வரை தேடினாலும் அகப்படாது. சுத்தத்தைப் பற்றி வேதாகமத்தில் நிறைய இருக்கிறது, அதனால்தான் இதுவும் அங்கே இருக்கும் என்று எல்லோரும் நம்பிவிடுகிறார்கள். ஆனால் லேவியராகமத்துச் சுத்தம் தீட்டு சம்பந்தப்பட்டது, ஆசாரியன் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் விஷயம். 24ஆம் சங்கீதம் "கைகளில் சுத்தமுள்ளவன்" என்று சொல்லும்போது சவர்க்காரத்தை நினைக்கவில்லை, குற்றமில்லாத கையைச் சொல்கிறது. மத்தேயு 15ஆம் அதிகாரத்தில் இயேசு இன்னும் ஒரு படி மேலே போய், கைகழுவாமல் சாப்பிடுவது மனுஷனைத் தீட்டுப்படுத்தாது, உள்ளத்திலிருந்து புறப்படுவதுதான் தீட்டுப்படுத்தும் என்கிறார். கை கழுவ வேண்டாம் என்பதல்ல அதன் பொருள். கழுவுவதைப் பக்தியின் அளவுகோலாக ஆக்காதே என்பதுதான். அப்படியிருக்க, சுவரில் உள்ள வரியை அவர் வாயில் எப்படி வைப்பது?

சரி, அப்படியானால் யார் சொன்னது? இதைப் பிரபலமாக்கியவர் மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி. 1786ஆம் ஆண்டின் கடைசி நாட்களில் உடையைப் பற்றி ஒரு பிரசங்கம் எழுதினார், அதில்தான் இந்த வரி வருகிறது. ஆனால் அந்தப் பிரசங்கம் சுத்தத்தைப் பற்றியதே அல்ல, முழுக்க முழுக்க ஆடம்பரத்துக்கு எதிரானது. எடுத்துக்கொண்ட வசனம் 1 பேதுரு 3ஆம் அதிகாரத்தில், மயிரைப் பின்னி, பொன்னாபரணங்களை அணிந்து, உயர்ந்த வஸ்திரங்களை உடுத்துவது உங்களுக்கு அலங்காரமாயிருக்க வேண்டாம் என்று வருமே, அந்தப் பகுதி. இதைக் கேட்கிறவன் "அப்படியானால் அழுக்கு உடுப்போடு இருப்பதுதான் பக்தி போலும்" என்று நினைத்துவிடுவானே என்று வெஸ்லிக்கு ஒரு யோசனை. அதனால் ஆரம்பத்திலேயே, அலங்கோலமாக இருப்பது சமயத்தின் பகுதியல்ல, துப்புரவாக உடுப்பதை எந்த வேதவசனமும் கண்டிக்கவில்லை, அது பாவமல்ல, கடமை என்று சொல்லிவிட்டு இந்த வரியை வைக்கிறார். அதன் பிறகு விலையுயர்ந்த துணியின் மேல் பாய்கிறார்: தேவையில்லாமல் உடுப்புக்குச் செலவழிக்கும் ஒவ்வொரு சில்லிங்கும் கடவுளிடமும் ஏழையிடமும் திருடியது என்கிறார்.

நமக்கு இது புதிதா என்ன? "கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்று கிழவிகள் சொல்லி வந்தது ஏறக்குறைய இதையேதான். கந்தையாக இருக்கலாம், அழுக்காக இருக்கக்கூடாது. வரியை அந்த இடத்திலிருந்து பிடுங்கி எடுத்தால் பளபளவென்று உடுத்தவனுக்கும் அது சான்றிதழாகிவிடுகிறது, வெஸ்லி சொன்னதற்கு நேர் எதிராக.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அச்சில் வெஸ்லி அந்த வரியை மேற்கோள் குறிக்குள் வைத்திருக்கிறார். தன் சொந்த வாக்கியமாகச் சொல்லவில்லை, கேட்பவர்களுக்குத் தெரிந்த பழமொழியாக எடுத்தாள்கிறார். அந்தக் கருத்து அவருக்கு முன்பே இருந்தது. உடல் சுத்தம் கடவுளுக்கும் சமூகத்துக்கும் நமக்கும் காட்டும் மரியாதையிலிருந்து வருகிறது என்று பிரான்சிஸ் பேக்கன் 1605இல் வெளிவந்த நூலில் எழுதியிருக்கிறார். இன்னும் பின்னால் போகிறவர்கள் யூத ரபிமாரின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவைக் காட்டுவார்கள். அதில் பினெகாஸ் பென் யாயீர் என்ற ரபியின் பேரில் ஒரு படிவரிசை உண்டு: சுறுசுறுப்பு சுத்தத்துக்குக் கொண்டுபோகும், சுத்தம் தூய்மைக்கு, அப்படியே ஏறி பரிசுத்தம், தாழ்மை, பாவபயம், பக்தி என்று மேலே போகும். அழகான வரிசைதான், ஆனால் சுத்தம் அங்கே அடிப்படிகளில் ஒன்று, பக்திக்கு முன் இன்னும் பல படிகள் இருக்கின்றன. ஆகவே "அடுத்தது" என்ற சொல்லுக்கு இதை மூலமாகக் காட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. மிஷ்னா வேதாகமத்தின் பகுதியும் அல்ல.

இந்தத் தவறு யாழ்ப்பாணத்தில் நடப்பதுதான் எனக்கு வருத்தம். வெஸ்லியின் சபை மிஷனரிமார் 1814லேயே இங்கே வந்து இறங்கியவர்கள். மத்திய கல்லூரியும் வேம்படியும் அவர்கள் தொடங்கியவை. ஆறுமுக நாவலர் அவர்களுடைய பள்ளிக்கூடத்தில் படித்து, பெர்சிவல் பாதிரியாரோடு உட்கார்ந்து வேதாகமத் தமிழாக்கத்துக்கே உழைத்தார். அப்படி ஒவ்வொரு வசனத்தையும் எடுத்துப் பார்த்து வாதாடிய ஊரில், ஒரு வசனத்தை எழுத முன் புத்தகத்தை ஒருதரம் திறந்து பார்த்திருக்கலாம்.

அதிபரிடம் போய்ச் சொல்லுங்கள். வரியை அழிக்கத் தேவையில்லை, கிணற்றடிக்குப் பொருத்தமான வரிதான். கீழே உள்ள "வேதாகமம்" என்ற சொல்லுக்கு மட்டும் சுண்ணாம்பு அடித்துவிட்டு, "பழைய ஆங்கிலப் பழமொழி" என்று எழுதச் சொல்லுங்கள்.