தவில்காரர் சொன்ன பெயர்

அன்புள்ள ஐயா,

போன மாதம் கானாடுகாத்தானில் பழைய செட்டியார் வீடு ஒன்றில் தங்கினோம். இரவுச் சாப்பாட்டின்போது வளவில் நாயனமும் தவிலும் வாசித்தார்கள். கடைசியாக வந்த ஒரு சின்னப் பாட்டு மனதை விட்டுப் போகவில்லை. பரிமாறியவர், மேலாளர், பக்கத்து மேசைக்காரர்கள் யாருக்கும் பெயர் தெரியவில்லை. தவில்காரரைக் கேட்டேன், "நோட்டு சார்" என்றார். பணம் கேட்கிறார் என்று நினைத்து நூறு ரூபாய் கொடுத்துவிட்டு வந்தேன். போனில் பாட்டின் பெயரைக் கண்டுபிடித்துச் சொல்லும் ஷசாம் செயலி எதுவும் காட்டவில்லை. கூகுளில் முனகிப் பார்த்தால் இங்கிலாந்து தேசிய கீதம் என்று அபத்தமாக வருகிறது. நாற்பது விநாடிப் பதிவு இணைத்திருக்கிறேன். என்ன பாட்டு இது?

ர., கோவை

அன்புள்ள ர.,

பதிவைப் பலமுறை கேட்டேன். உங்களுக்கு இரண்டு பேர் சரியான பதில் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் தவில்காரர், இன்னொன்று கூகுள்.

தவில் ஓய்ந்து சுருதி மட்டும் நிற்கும் இடத்தில் ஷட்ஜமத்தைப் பிடித்துக்கொண்டு எழுதிப் பார்த்தேன். ஆரம்பம் இப்படி வருகிறது: ச ச ரி, நி ச ரி, க க ம, க ரி ச. மூன்று மூன்றாக எண்ணலாம். இரண்டாம் பாதி பஞ்சமத்தில் எழுந்து படி இறங்குகிறது: ப ப ப, ப ம க. அடுத்து அதே வடிவம் ஒரு படி கீழே: ம ம ம, ம க ரி. இந்த இரண்டு படிகளும் அடுத்தடுத்து வந்தால் சந்தேகமே வேண்டாம், இங்கிலாந்து தேசிய கீதத்தின் மெட்டுதான் அது. ஆரம்பம் மட்டும் ஒத்துப்போனால் நான் நம்பமாட்டேன். முதல் நான்கைந்து ஸ்வரங்கள் எத்தனையோ பாட்டுகளில் ஒன்றாக இருக்கும், நடுவில்தான் பாட்டு தன்னைக் காட்டிக்கொள்ளும்.

கானாடுகாத்தான் வளவில் அது எப்படி வந்தது? அதற்குத்தான் அந்த "நோட்டு". முத்துஸ்வாமி தீட்சிதர் சென்னையை அடுத்த மணலியில் இருந்த காலத்தில், கம்பெனிக்காரர்களின் பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு அவற்றுக்கு சம்ஸ்கிருதத்தில் சாஹித்யம், அதாவது பாட்டு வரிகள், செய்தார் என்பது மரபு. அவைதான் நோட்டு ஸ்வர சாஹித்யங்கள். எல்லாம் சங்கராபரணத்தின் ஸ்வரங்களில், ஸ்வரத்தை அசைக்கும் கமகம் இல்லாமல், நேர்நேராக நடக்கும். இந்த மெட்டுக்கு அவர் எழுதியது சியாமளா தேவியின் மேல், "ஸந்ததம் பாஹிமாம்" என்று தொடங்கும். நீங்கள் தேட வேண்டிய பெயர் அதுதான். தீட்சிதர் மறைந்தது 1835-ல். கிட்டத்தட்ட இருநூறு வருடமாக இந்த மெட்டு நம் ஊரில் நம் பாட்டாகப் புழங்கிவருகிறது. அதை நீங்கள் அபத்தம் என்று ஒதுக்கியதுதான் எனக்கு வருத்தம்.

ஷசாம் ஏன் கைவிரித்தது என்றால், அது பாட்டைத் தேடுவதில்லை, ஒலிப்பதிவைத் தேடுகிறது. ஏற்கெனவே வெளியான ஒரு பதிவின் ஒலித்தடம் அப்படியே கிடைத்தால்தான் அதற்கு அடையாளம் தெரியும். அன்று இரவு அந்த இருவர் வாசித்தது உலகத்தில் அதுவரை இல்லாத ஒலி. அதனால் நேரில் கேட்கும் எந்த வாசிப்புக்கும் அதை நம்பிப் பயனில்லை. முனகித் தேடுவது வேறு வகை. ஸ்வரங்கள் ஏறி இறங்கும் கோட்டை மட்டும் அது எடுத்துக்கொள்ளும், யார் எந்த வாத்தியத்தில் வாசித்தார் என்பதைப் பார்க்காது. பதிவை ஓடவிட்டால் தவில் குறுக்கே விழும். நீங்கள் செய்ததுபோல வாயால் பத்துப் பதினைந்து விநாடி "தா தா" என்று பாடுவதுதான் சரி. அது தரும் விடையில் மொழியையும் நாட்டையும் பார்க்காதீர்கள், மெட்டை மட்டும் போட்டுக் கேளுங்கள்.

இது நோட்டாக இருந்ததால் சுலபமாக முடிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நாயனக்காரர் தோடியில் ஒரு கீர்த்தனை வாசித்திருந்தால், அந்த அசைவுகளை நம் வாய் முனகுவதும் கஷ்டம், போன் பிடிப்பதும் கஷ்டம். அப்போது ராகம் தெரிந்த ஒருவரிடம் பதிவைப் போட்டுக் காட்டுவதுதான் வழி.

ஒன்றை மட்டும் இங்கிருந்து என்னால் முடிவாகச் சொல்ல இயலாது. மேளக்காரர்கள் இங்கிலீஷ் மெட்டு எதையும் பொதுவாக "நோட்டு" என்பார்கள். அவர் தீட்சிதரின் சாஹித்யத்தை மனதில் வைத்து வாசித்தாரா, குருவிடம் வெறும் ஸ்வரமாகப் பாடம் பண்ணியதை வாசித்தாரா என்பது வாத்தியத்தைக் கேட்டுத் தெரியாது. மறுபடி கானாடுகாத்தான் போனால், சாப்பாடு முடிந்து அவர்கள் நாயனத்தை உறையில் போடும் நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் வரியைப் பாடிக் காட்டி, "இதற்கு சாஹித்யம் பாடமா, ஸ்வரம்தானா?" என்று கேளுங்கள். அவர் சொல்வதை எனக்கும் எழுதுங்கள்.